நியூட்ரல் விழாத வண்டி: கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் கிளட்சைப் பார்த்த கதை

வணக்கம் நண்பர்களே. வியாசர்பாடியில் உள்ள என்னுடைய சிறிய பட்டறையிலிருந்து பேசுகிறேன். பின்னால் மெயின் ஸ்டாண்டில் நிற்கும் 150 சிசி வண்டி, காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்துப் பெரம்பூர் வரை கொண்டுபோய் விற்கும் ஓர் அண்ணனுடையது. ஐந்து கியர், கீழே ஒன்று, மேலே நான்கு. எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடியிருக்கிறது. வேறொரு இடத்தில் காட்டியபோது, கியர்பாக்ஸ் போய்விட்டது, இன்ஜினை முழுதாக இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். "தம்பி, அவ்வளவு பணம் இப்போது என் கையில் இல்லை, நீ ஒரு முறை பார்த்துச் சொல்" என்று வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

அவர் சொன்ன குறைகள் இரண்டு. தங்கசாலை சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழுவதே இல்லை. மிதித்தால் ஒன்றில் நிற்கிறது, தூக்கினால் இரண்டுக்குத் தாவுகிறது, வண்டியை அணைத்தால் மட்டும் சாதுவாக விழுகிறது. அடுத்தது, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது சில நேரம் எதிலும் மாட்டாமல் நடுவில் நின்றுவிடுகிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர்வதில்லை. இதைத்தான் ஃபால்ஸ் நியூட்ரல் என்கிறோம். நிறையப் பேர் இதைக் கிளட்ச் ஸ்லிப்புடன் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்லிப் ஆகும் வண்டியில் இன்ஜின் சத்தம் ஏறினாலும் ஏதோ ஓர் இழுவை இருக்கும். ஃபால்ஸ் நியூட்ரலில் இழுவை அறவே இருக்காது, பச்சை விளக்கும் எரியாது.

அணைத்தால் நியூட்ரல் விழுகிறது என்று அவர் போகிற போக்கில் சொன்னாரே, எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வழி காட்டியது. ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் வண்டிகளின் கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று மாட்டியபடியேதான் சுற்றுகின்றன. நாம் காலால் மாற்றும்போது ஷிஃப்ட் ஃபோர்க் ஒரு சக்கரத்தைத் தண்டின் மேல் பக்கவாட்டில் நகர்த்துகிறது. அதன் பக்கத்தில் கட்டை விரல்கள் போல் துருத்தி நிற்கும் டாக் என்னும் பற்கள் அடுத்த சக்கரத்தின் பள்ளங்களுக்குள் போய் அமர்கின்றன. இன்ஜினின் விசை ஏறியிருக்கும்போது இந்த டாக்குகள் பள்ளத்தின் சுவரோடு அழுந்திப் பிடித்திருக்கும். கிளட்சைப் பிடித்தவுடன் அந்த அழுத்தம் விட்டால்தான் அவை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கிளட்ச் முழுமையாகப் பிரியாமல் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருந்தால் அழுத்தமும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். அப்போது கால் பலமாகத் தள்ளுகிறது, டாக் திடீரென்று விடுபடுகிறது, தள்ளிய வேகத்தில் நியூட்ரலைத் தாண்டி இரண்டில் போய் விழுகிறது. இன்ஜினை அணைத்தால் இழுப்பதற்கு எதுவும் இல்லை. அதனால் எளிதாக விழுகிறது. இந்தக் குறைக்குக் கிளட்ச் டிராக் என்று பெயர். ஓடும்போதும் இதே டிராக், உள்ளே நுழைய வேண்டிய டாக்கை வேறு வேகத்தில் சுற்றவிட்டு, பள்ளத்தில் இறங்கவிடாமல் முகத்தோடு முகம் மோதித் தெறிக்க வைக்கும். நியூட்ரல் விழாததும் ஃபால்ஸ் நியூட்ரலும் ஒரே வேரிலிருந்து வரக்கூடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே கியர் லீவரைக் கையால் தூக்கினால் ஒன்று முதல் ஐந்து வரை ஒவ்வொன்றும் 'டக்' என்று சுத்தமாக மாட்டியது. திரும்பி வரும்போதும் அப்படியே. சக்கரத்தைச் சுற்றாமல் மாற்றிப் பார்த்துவிட்டு கியர் விழவில்லை என்று சொல்லாதீர்கள். நின்ற நிலையில் டாக்கும் பள்ளமும் நேருக்கு நேர் வராவிட்டால் நல்ல கியர்பாக்ஸிலும் மாட்டாது. இங்கே அணைத்த நிலையிலேயே முரண்டு பிடித்திருந்தால், வளைந்த ஷிஃப்ட் தண்டு, ஃபோர்க், அந்த ஃபோர்க்கை நகர்த்தும் டிரம் என்று சந்தேகம் உள்ளே போயிருக்கும்.

அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கி, கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டேன். மெயின் ஸ்டாண்டில் பின்சக்கரம் லேசாகச் சுற்றுவது இயல்பு. பிளேட்டுகளுக்கு நடுவில் உள்ள ஆயில் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். பின் பிரேக்கை மெல்லத் தொட்டால் சக்கரம் நின்றுவிட வேண்டும், இன்ஜினின் ஓட்டம் அசையக்கூடாது. இங்கே பிரேக்கைத் தொட்டதும் இன்ஜின் திணறி அணையப் பார்த்தது. டிராக் என்பது உறுதியாகிவிட்டது. காலையோ கையையோ சக்கரத்துக்குள் விட்டு யாரும் சோதிக்க வேண்டாம்.

இப்போது கேமராவை இந்தக் கிளட்ச் லீவருக்கு அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். லீவர் நுனியில் வெறும் ஆட்டம், அதாவது பிளே, இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் 10 முதல் 15 மில்லிமீட்டர் இருந்தால் போதும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் 30 இருந்தது. லீவரின் பாதித் தூரம் கேபிளின் தொய்வை எடுப்பதிலேயே செலவாகிவிட்டால், மிச்சத்தில் கிளட்ச் எவ்வளவு பிரியும்? ரப்பர் உறையை விலக்கியவுடன் காரணமும் தெரிந்தது. லீவரில் மாட்டும் குண்டுக்குப் பக்கத்தில் கம்பி செம்பழுப்பாகத் துருப்பிடித்து, நான்கு இழைகள் அறுந்து பூனை மீசை போல் விரிந்து நின்றன. ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டும் கையோடு ஆண்டுக்கணக்கில் லீவரைப் பிடித்திருக்கிறார், துறைமுகத்துக் காற்று வேறு. இழைகள் ஒவ்வொன்றாக அறுந்ததும் மிச்சக் கம்பி நீண்டுகொண்டே போயிருக்கிறது.

புதுக் கேபிள் போட்டு 12 மில்லிமீட்டர் பிளே வைத்தேன். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிள் எங்கும் நசுங்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். பிளேவே இல்லாமல் இறுக்கிவிடுவதும் தவறு. கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடியே ஓடி ஸ்லிப் ஆகத் தொடங்கும். மாற்றியதும் வண்டி நன்றாகவே இருந்தது. ஆனால் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசைக்குள் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்தபோது பழையபடி நியூட்ரல் மறுத்தது. குளிரில் சரி, சூட்டில் கோளாறு என்றால் நான் பிளேட்டின் மேல்தான் சந்தேகப்படுவேன்.

ஆயிலை வடித்தபோது வடிகால் போல்ட்டில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டுமே ஒட்டியிருந்தது. இந்த வயதுள்ள வண்டிக்கு அது வழக்கமானதுதான். சில்லுகளோ பளபளக்கும் துண்டுகளோ வந்திருந்தால் கியர்பாக்ஸைப் பற்றிய என் பேச்சே மாறியிருக்கும். வலது பக்க மூடியைத் திறந்து ஸ்டீல் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஃபீலர் கேஜை அடியில் நுழைத்துப் பார்த்தேன். இரண்டு பிளேட்டுகளில் 0.25 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. கோணல் 0.2-ஐத் தாண்டினால் நான் அந்தப் பிளேட்டைத் திரும்ப மாட்டுவதில்லை. அந்த இரண்டிலும் நீலம் பாரித்திருந்தது. சுமையோடு அரைக் கிளட்சில் ஊர்ந்து ஊர்ந்து வெந்ததன் தடம் அது. கோணிய பிளேட் லீவரைப் பிடித்தாலும் பக்கத்துப் பிளேட்டை உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும்போது இன்னும் அதிகமாக உரசும்.

பிளேட்டுகள் அமரும் பாஸ்கெட்டின் விரல்களில் நகம் வைத்துத் தடவினேன். லேசாகப் பள்ளம் தட்டியது. அரத்தால் மென்மையாகத் தேய்த்து எடுக்கும் அளவுதான். நகம் முழுதாக உள்ளே உட்காரும் ஆழம் என்றால் பாஸ்கெட்டையே மாற்ற வேண்டும், ஏனெனில் பிளேட் அந்தக் குழியில் சிக்கிக்கொண்டு நகராது. அதைக் கழற்றியிருந்ததால், பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்டாப்பர் ஆர்மையும் அதன் ஸ்பிரிங்கையும் பார்க்க முடிந்தது. ஷிஃப்ட் டிரம்மை ஒவ்வொரு கியரிலும் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துவது அந்த ஆர்ம்தான். உருளை சுழன்றது, ஸ்பிரிங் விறைப்பாக இருந்தது. புது பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்துப் போட்டேன், ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கையேடு சொன்ன தடிமனில், ஈரக் கிளட்சுக்கான ஜாசோ எம்ஏ தரமுள்ள ஆயிலை ஊற்றினேன். கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றுபவர்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் கோபப்படுகிறேன்.

நியூட்ரல் இப்போது கால் நுனி பட்டாலே விழுகிறது. ஆனால் நண்பர்களே, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்த ஃபால்ஸ் நியூட்ரல் முழுவதும் போகவில்லை. நாளுக்கு ஒரு முறையாவது வருகிறது என்று அண்ணன் போனில் சொன்னார். உண்மையில் எனக்கும் அப்போது வயிற்றைக் கலக்கியது. எப்போதும் ஒரே இரண்டு கியருக்கு நடுவில் வந்தால் அந்த ஜோடியின் டாக் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை, பல்சக்கரங்களையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு கேள்விதான் முடிவு சொல்லும். கியர் உள்ளே போகாமல் நிற்கிறதா, போன பிறகு வெளியே துள்ளி வருகிறதா? ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஆளில்லாத சாலையில் மூன்றாவது கியரை அழுத்தமாகத் தூக்கிப் போட்டு, ஆக்சிலேட்டரை நன்றாகத் திருகினேன், உடனே முழுதாக விட்டேன், மறுபடி திருகினேன். இருபது முறை செய்தும் ஒரு முறைகூடக் கியர் கழன்று வரவில்லை. டாக்குகளின் முனை மழுங்கியிருந்தால் இப்படி விசை மாறும் நேரத்தில்தான் அது பிடியை விட்டு வெளியே குதிக்கும். ஆகவே குறை பிடியில் இல்லை; உள்ளே போய்ச் சேருவதில் இருந்தது.

பிறகு அண்ணனையே ஓட்டச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து அவருடைய காலைக் கவனித்தேன். ரப்பர் செருப்பு. லீவரைக் காலின் மேற்புறத்தால் தூக்குகிறார். வெறும் சதையில் இரும்பு அழுந்துவதால் பாதியிலேயே விட்டுவிடுகிறார். லீவரும் யாரோ கழற்றி மாட்டியபோது மேல்நோக்கி ஏறி இருந்தது. கணுக்கால் மடங்கும் எல்லை வருவதற்கு முன் அது தன் தூரத்தை முடிக்கவில்லை. டிரம் பாதி திரும்பி, ஒரு டாக் வெளியே வந்துவிட்டது, அடுத்தது இன்னும் நுழையவில்லை. அதுதான் அவருடைய ஃபால்ஸ் நியூட்ரல்.

லீவரைத் தண்டின் பற்களில் ஒரு பல் கீழே இறக்கி மாட்டி, போல்ட்டை இறுக்கினேன். அதன் நுனிக்குப் புது ரப்பர் போட்டேன். "தூக்கினால் அது நிற்கும் வரை தூக்குங்கள், அதுவரை கிளட்சை விடாதீர்கள் அண்ணே" என்றேன். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்று அவர் வண்டியை விட்டிருப்பது பின் டயர் மாற்றத்தான். ஃபால்ஸ் நியூட்ரல் அதற்குப் பிறகு இரண்டே முறை வந்ததாம், இரண்டும் செருப்பு வழுக்கியபோது என்கிறார். பழைய கேபிளை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், அதோ அந்தச் சுவரில் தெரிகிறது பாருங்கள். புதுக் கேபிளின் லீவர் முனையில் வாரத்துக்கு ஒரு முறை இரண்டு சொட்டு ஆயில் விடச் சொல்லியிருக்கிறேன். இப்போது தொட்டுப் பார்த்தேன், விட்டுத்தான் இருக்கிறார்.