கடையில தொங்குற சாறி யாருடைய ஸ்டொக்? கன்சைன்மென்ட் கணக்கு

வணக்கம். நேரா விஷயத்துக்குப் போவம். புறக்கோட்டை மெயின் ஸ்ட்ரீட்ல ஒரு ஹோல்சேல் சாறி வியாபாரி. வெள்ளவத்தை காலி வீதியில ஒரு சாறிக் கடை. மார்ச் மாசம் ஹோல்சேல்காரர் 100 சாறி அனுப்புறார். "வித்துட்டு காசு தாங்க, விக்காதத திருப்பி அனுப்புங்க" எண்டு பேச்சு. சாறி இப்ப வெள்ளவத்தையில கண்ணாடி அலுமாரிக்குள்ள இருக்கு. மார்ச் 31 கணக்கு முடிக்கிற நாள். அந்தச் சாறி யாருடைய ஸ்டொக்ல வரணும்?

பொருள் எங்க இருக்கு எண்டு பார்த்து இதுக்குப் பதில் சொல்ல ஏலாது. மூண்டு கேள்வி கேளுங்க. ஒண்டு, சாறி விக்கும் வரைக்கும் கடைக்காரருக்குக் காசு கட்ட வேண்டிய கட்டாயம் இருக்கா? ரெண்டு, ஹோல்சேல்காரர் நாளைக்கே லொறி அனுப்பி அந்தச் சாறியை எடுத்து இன்னொரு கடைக்குக் குடுக்கலாமா? மூண்டு, விலைபோகாமக் கிடந்தா நட்டம் யாருக்கு? கட்டாயம் இல்ல, எடுக்கலாம், நட்டம் ஹோல்சேல்காரருக்கு எண்டு பதில் வந்தா அது கன்சைன்மென்ட். ஸ்டொக் ஹோல்சேல்காரருடையது. விற்பனை வருமானத்தை எப்ப கணக்குல போடுறது எண்டு சொல்ற இலங்கைக் கணக்கீட்டு நியமம் SLFRS 15. அது சொல்ற அடையாளங்களும் கிட்டத்தட்ட இதுதான். கடைக்காரர் ஒரு டெபொசிட் கட்டியிருந்தாலும் இது மாறாது. டெபொசிட் வாங்கினதால வித்துட்டம் எண்டு நிறையப் பேர் நினைக்கிறாங்க, அது பிழை.

இப்ப கணக்கைப் பாருங்க. VAT-ஐ இந்த உதாரணத்துல சேர்க்கல்ல, இல்லாட்டி ரெண்டு விஷயம் குழம்பும். ஒரு சாறியின்ட அடக்க விலை 6,000 ரூபா, 100 சாறி 6 லட்சம். வெள்ளவத்தைக்குக் கொண்டுபோற லொறிக் கூலி, வழி இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 15,000. விக்கிற விலை 9,500. கடைக்காரருக்கு கொமிஷன் 10 வீதம்.

அனுப்புற அண்டைக்கு இன்வொய்ஸ் அடிக்கிறதுதான் முதல் பிழை. அடிக்க வேண்டியது டெலிவரி நோட். இந்தா, கமராவுக்குக் கிட்டக் காட்டுறன். மேல "கன்சைன்மென்ட், விற்பனை அல்ல" எண்டு சீல் குத்தியிருக்கு. ஒவ்வொரு சாறியின்ட டிசைன் நம்பரும் தனி வரியில இருக்கு. கடைசி வரியில "விற்கும் வரை பொருள் அனுப்பியவருக்கே உரியது" எண்டு இருக்கு. அதுக்குக் கீழ கடைக்காரர் கையெழுத்து. "சாறி 100" எண்டு ஒரே வரியில எழுதின நோட் பிறகு சண்டைக்குத்தான் உதவும். எந்தச் சாறி வித்தது, எது திரும்பி வந்தது எண்டு அதை வச்சுப் பிடிக்க ஏலாது.

ஹோல்சேல்காரர் புத்தகத்துல இது இப்படி விழும்:

```
டெபிட்   கன்சைன்மென்ட் ஸ்டொக் - வெள்ளவத்தை   615,000
கிரெடிட்  ஸ்டொக் - மெயின் ஸ்டோர்              600,000
கிரெடிட்  காசு (கூலி, இன்ஷூரன்ஸ்)              15,000
```

விற்பனை எண்டு ஒரு சதமும் வரல்ல. ஸ்டொக் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நகர்ந்திருக்கு, அவ்வளவுதான். கணக்கு சொஃப்ட்வெயார்ல செய்றதெண்டா வெள்ளவத்தைக் கடையை ஒரு ஸ்டொக் லொகேஷனாத் திறந்து டிரான்ஸ்பர் போடுங்க. அந்த 15,000 ஏன் ஸ்டொக்குக்குள்ள போகுது? பொருளை விக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிற செலவு ஸ்டொக் விலையின்ட ஒரு பகுதி. அதால ஒரு சாறி இப்ப 6,150. ஆனா கொமிஷன் விக்கிற செலவு. அதைக் கையில இருக்கிற சாறியின்ட விலையோட சேர்க்கக் கூடாது. சாறி கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கட்டுற இடவாடகையும் அப்படித்தான்.

அடுத்தது மாச முடிவு. இந்தக் கேஸ்ல பிரச்சினை எல்லாம் இங்கதான் கிடக்கு. கடைக்காரர் மார்ச் 25 வரைக்குமான விற்பனைக் கணக்கு அறிக்கையை அனுப்பியிருக்கார், அதுல 57 சாறி. ஹோல்சேல்காரர் 57-ஐப் போட்டு வருஷத்தை மூடிட்டார். ஆனா மார்ச் கடைசிக் கிழமை எண்டா சித்திரைப் புதுவருஷ வியாபாரம், வெள்ளவத்தையில கடைக்குள்ள கால் வைக்க இடம் இருக்காது. 26-ல இருந்து 31 வரைக்கும் இன்னும் 5 சாறி போயிருக்கு. அந்த அறிக்கை வந்தது ஏப்ரல்ல. கடதாசி எப்ப வந்தாலும் சாறி மார்ச்ல வித்தது, அதால அந்த 5-உம் மார்ச் விற்பனைதான். மொத்தம் 62.

இதை எப்படிப் பிடிக்கிறது? கடையில போய் எண்ணி, பின்னால கணக்குப் பாருங்க. ஏப்ரல் 5 எண்ணினபோது நல்ல சாறி 20, தண்ணி பட்டுக் கறை விழுந்தது 2. கடையின்ட பில் புத்தகத்துல ஏப்ரல் 1-ல இருந்து 5 வரை 16 சாறிக்கு பில். அப்ப மார்ச் 31-ல நல்லது 36, பழுது 2, ரெண்டும் சேர்த்து 38. மிச்சம் 62 வித்திருக்கணும். அறிக்கை 57 எண்டு சொன்னா 5 சாறிக்குக் கதை கேக்கணும். இங்க அது வெறும் திகதிக் குளறுபடி. சில இடத்துல கடைக்காரர் வித்த காசைத் தன்ட பொருள் வாங்கச் சுழட்டிட்டு அறிக்கையைப் பிந்தி அனுப்பியிருப்பார். எண்ணிப் பார்க்காட்டி ரெண்டையும் வேறுபடுத்த ஏலாது.

62 சாறிக்கு விற்பனை 589,000. கொமிஷன் 58,900. கடைக்காரர் தர வேண்டியது 530,100. புத்தகத்துல:

```
டெபிட்   வெள்ளவத்தைக் கடை (வரவேண்டியது)       530,100
டெபிட்   கொமிஷன் செலவு                          58,900
கிரெடிட்  விற்பனை                               589,000

டெபிட்   விற்பனை அடக்கம் (62 x 6,150)           381,300
கிரெடிட்  கன்சைன்மென்ட் ஸ்டொக் - வெள்ளவத்தை   381,300
```

கைக்கு வாற 530,100-ஐ மட்டும் விற்பனையாப் போடுறவங்க இருக்காங்க. லாபம் ஒண்டுதான் வரும், ஆனா விற்பனைத் தொகை குறைஞ்சு தெரியும். சாறியை வித்தது ஹோல்சேல்காரர், கடைக்காரர் அவருக்கு ஏஜன்ட். அதால முழு 589,000-உம் வரணும்.

கறை விழுந்த ரெண்டு சாறியும் தலைக்கு 3,000-க்குத்தான் போகும் எண்டு வைப்பம். அதுலயும் கொமிஷன் 300 போனா மிச்சம் 2,700. அதுதான் அதின்ட ஸ்டொக் விலை, 6,150 இல்ல. ரெண்டுக்கும் சேர்த்து 6,900 நட்டம் எழுதணும். கடைசி ஸ்டொக், 36 நல்ல சாறி 221,400, பழுது 5,400, மொத்தம் 226,800. விற்பனையில இருந்து கொமிஷன், விற்பனை அடக்கம், இந்த நட்டம் மூண்டையும் கழிச்சா லாபம் 141,900.

இதையே அனுப்பின அண்டைக்கு 100 சாறிக்கும் இன்வொய்ஸ் அடிச்சு, கொமிஷனும் கழிச்சு லாபம் பார்த்திருந்தா 240,000 வந்திருக்கும். 98,100 ரூபா இல்லாத லாபம். அதுக்கு வருமான வரியும் கட்டி, பிறகு சாறி திரும்பி வரேக்க கிரெடிட் நோட் அடிச்சுக்கொண்டு இருக்கணும்.

கடைக்காரர் பக்கம் சுருக்கமாச் சொல்லலாம். சாறி வந்த அண்டைக்கு அவருடைய லெட்ஜர்ல ஒண்டும் இல்ல, தனி ரெஜிஸ்டர்ல எண்ணிக்கை மட்டும். ஒரு சாறி வித்தா காசு 9,500 வரும். அதுல 950 அவருடைய கொமிஷன் வருமானம், 8,550 ஹோல்சேல்காரருக்குக் குடுக்க வேண்டிய கடன். அவருடைய வருமானம் 950 மட்டுந்தான். வருஷக் கடைசியில கடைப் பொடியன்மார் அலுமாரியில இருக்கிறதை எல்லாம் எண்ணி ஸ்டொக் ஷீட்ல போட்டுடுவாங்க. அப்ப ஒரே 38 சாறி ரெண்டு புத்தகத்துலயும் வரும். கன்சைன்மென்ட் சாறிக்கு வேற நிறத்துல டெக் கட்டினா இந்தத் தலையிடி பாதி குறையும்.

இப்ப "சேல் ஓர் ரிட்டர்ன்". பேரைக் கேட்டா இதுவும் அதுவும் ஒண்டு மாதிரி இருக்கும், ஆனா உள்ளுக்க வேற. இங்க கடைக்காரர் ஏஜன்ட் இல்ல, வாங்குறவர். 40 சாறி, ஒண்டு 8,000 ரூபாப்படி எடுக்கிறார், 60 நாளைக்குள்ள திருப்பலாம். எங்கட 1896-ஆம் ஆண்டு பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வேற மாதிரிப் பேசிக்கொள்ளாட்டி, அவர் "எடுக்கிறன்" எண்டு சொன்னாலோ, தன்ட பொருள் மாதிரி வித்தாலோ, ஒண்டும் சொல்லாம அந்த 60 நாளைத் தாண்ட விட்டாலோ உரிமை அவருக்குப் போயிடும். திகதி குறிக்காட்டி "நியாயமான காலம்" எண்டு வரும். நியாயம் எவ்வளவு நாள் எண்டு ரெண்டு லோயர்மார் வாதாடுவாங்க. நோட்டுல திகதியை எழுதுங்க.

அந்த 60 நாளும் காசு கட்டுற கட்டாயம் இல்லாம இருந்தா, புத்தகத்துல கன்சைன்மென்ட் மாதிரியே ஸ்டொக் அனுப்பினவரிட்ட நிக்கும். அதுக்கு மாறா, காசு கட்டியே ஆகணும், திருப்புற உரிமை மட்டும் குடுத்திருக்கு எண்டா பொருள் கைமாறிட்டு. அப்ப திரும்பி வரும் எண்டு எதிர்பார்க்கிறதைக் கழிச்சு விற்பனை போடணும். பழைய அனுபவப்படி 40-ல 10 திரும்பும் எண்டா 30 சாறிக்கு, 240,000 மட்டும் விற்பனை. மிச்ச 80,000 திருப்பிக் குடுக்க வேண்டிய பொறுப்பு. அந்த 10 சாறியின்ட அடக்க விலை ஸ்டொக் வரியில வராது, "திரும்பப் பெறும் உரிமை" எண்டு தனிச் சொத்தா நிக்கும். திரும்பின வீதத்தை நம்பி மதிக்க ஏலாத புதுக் கடை எண்டா, திருப்புற காலம் முடியும் வரைக்கும் விற்பனையே போடாதீங்க.

கடைசியா, அதிகம் பேர் கவனிக்காத ரெண்டு இடம். கடையில நெருப்புப் பிடிச்சா கடைக்காரருடைய இன்ஷூரன்ஸ் பொலிசி அவருடைய சொந்தப் பொருளுக்கு மட்டும் இருக்கலாம். "நம்பிக்கையில் அல்லது கொமிஷனுக்கு வைத்திருக்கும் பொருட்கள்" எண்டு ஒரு வாசகம் பொலிசியில இருக்கா எண்டு கொப்பியை வாங்கிப் பாருங்க, இல்லாட்டி நீங்களே ஒண்டு எடுங்க. மற்றது, கடைக்காரர் ஸ்டொக்கை வச்சு வங்கியில கடன் எடுத்திருந்தா, கடை முறியுற நாள்ல உங்கட சாறியும் அந்த லிஸ்ட்ல போகும். அப்ப டிசைன் நம்பரோட கையெழுத்து வச்ச டெலிவரி நோட்டைக் காட்டி சாறியைத் திருப்பி எடுக்கலாம். ஆனா ஏற்கனவே வித்துக் கடையின்ட கணக்குல கலந்த காசுக்கு நீங்களும் மற்றக் கடன்காரரோட லைன்ல நிக்க வேண்டி வரலாம். அதனால அறிக்கையையும் காசையும் மாசத்துக்கு ஒருக்கா எண்டு விடாம, கிழமைக்கு ஒருக்கா எண்டு எக்ரிமென்ட்ல போடுங்க, முக்கியமா மார்ச், ஏப்ரல்ல.