சீவியில் எழுதியதைத் திறந்து காட்ட முடியுமா?

(திருகோணமலையில் கணினி விஞ்ஞான இறுதியாண்டு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம் பிள்ளைகள். கோணேசபுரியில் இருந்துகொண்டு கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு சீவி அனுப்புகிறீர்கள். அதைப் பார்க்கிறவருக்கு உங்களையும் தெரியாது, உங்கள் லெக்சரரையும் தெரியாது. அவரிடம் வந்திருக்கும் முக்கால்வாசி சீவிகளில் ஜாவா, பைதன், மைஎஸ்கியூஎல், அப்புறம் "குழுவாக வேலை செய்யக்கூடியவர்". யார் எதைச் செய்தார் என்று மட்டும் ஒரு வரியிலும் இருக்காது. அனுபவமே இல்லையே சேர், எதை எழுதுவது என்று கேட்பீர்கள். இத்தனை வருடம் அசைன்மென்ட் செய்தீர்களே, சரக்கு அதற்குள்தான் கிடக்கிறது.

ஒரு உதாரணம் வைத்துப் பேசுவோம். நாலு பேர் சேர்ந்து செய்த குரூப் புரொஜெக்ட். நிலாவெளியில் இருந்து புறாமலைக்குப் போகிற படகில் இடம் பதிவு செய்யும் வெப் அப். சீவியில் "படகுப் பதிவு முறைமை, பிஎச்பி, மைஎஸ்கியூஎல்" என்று ஒரு வரி. இதை வைத்து யாரும் எதையும் கேட்க முடியாது.

அந்தப் பிள்ளையிடம் நீ என்ன செய்தாய் என்று கேட்டால், டேட்டாபேஸும் இடம் பதிவு செய்யும் பகுதியும் என்னுடையது என்பாள். எங்கே இடித்தது? படகில் கடைசி இடம் ஒன்றுதான் இருக்கும்போது இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அமத்தினால் இருவருக்கும் "பதிவாகிவிட்டது" என்று வந்தது. எப்படித் தீர்த்தாய்? மீதி இடத்தைப் பார்ப்பதையும் குறைப்பதையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் கொண்டுவந்து, `SELECT ... FOR UPDATE` போட்டு அந்த வரிசையைப் பூட்டினேன், முதல் ஆள் முடிக்கும்வரை இரண்டாவது ஆள் காத்திருப்பார், பிறகு இடம் இல்லை என்று வரும். சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? இரண்டு பிரவுசரில் ஒன்றாக அமத்திப் பார்த்தேன். பாருங்கள், இந்த நாலு பதிலையும் இரண்டு வரியாகச் சுருக்கினால் அதுதான் சீவியில் வரவேண்டியது. படகுக்காரர் யாரும் அதைப் பாவிக்கவில்லை என்றால் "லேபில் பரிசோதித்தது" என்றே எழுதுங்கள். கூட்டி எழுதினால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடும்.

அடுத்தது கிட்ஹப். இணைப்பைக் கொடுக்கிறீர்கள், பார்க்கிறவர் திறந்தால் எல்லா கொமிட்டும் ஒரே ஆளின் பெயரில். ஏனென்றால் கடைசி இரவு எல்லாரும் ஒரு லாப்டொப்பில் இருந்து ஏற்றினீர்கள், இது நம் கம்பஸ்களில் வழமைதான். உங்கள் ரிப்போசிட்டரிக்குள் போய் இதை அடித்துப் பாருங்கள்:

```
git shortlog -sne
```

யார் பெயரில், எந்த ஈமெயிலில், எத்தனை கொமிட் என்று வரும். பெயர் உங்களுடையது, ஆனால் ஈமெயில் வேறு என்றால் பிரச்சினை சின்னது: அது உங்கள் ஈமெயிலாக இருந்தால் கிட்ஹப் கணக்கில் சேர்த்து உறுதிப்படுத்துங்கள், பழைய கொமிட்டும் உங்கள் கணக்கோடு சேர்ந்துவிடும். பெயரே நண்பனுடையது என்றால் வரலாற்றைத் திருத்தப் போகாதீர்கள். README கோப்பில் யார் எந்தப் பகுதி என்று நாலு பேரும் ஒத்துக்கொண்டு எழுதுங்கள், பிறகு ஒரு ஃபோர்க் எடுத்து உங்கள் பகுதியில் ஒரு புதிய வேலையை உங்கள் பெயரிலேயே செய்யுங்கள், பதிவை ரத்துச் செய்யும் வசதி மாதிரி ஒன்று போதும். அப்படியே டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் கோடுக்குள் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் அந்த வரியை அழிப்பது மட்டும் காணாது, பழைய கொமிட்டில் அது அப்படியே இருக்கும், பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும்.

பாடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லாப் பாடப் பெயரையும் அடுக்க வேண்டாம், விளம்பரத்தில் கேட்கிற வேலைக்குப் பொருந்துகிற இரண்டு மூன்று காணும், அதுவும் அதில் செய்த அசைன்மென்ட்டோடு.

கம்பஸ் வேலைகளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "தமிழ் மன்ற உறுப்பினர்" என்றால் ஒன்றும் விளங்காது. பொருளாளராக இருந்து கலைவிழாவுக்கு வந்த காசையும் போன செலவையும் எக்செலில் எழுதி, பற்றுச்சீட்டோடு பொதுக்கூட்டத்தில் கணக்கு ஒப்படைத்தீர்களா, அதை எழுதுங்கள். மென்பொருள் வேலைக்கு இது எதற்கு என்று நினைக்கலாம். அடுத்தவர் காசுக்குக் கணக்குக் காட்டியவர் என்பது எனக்குப் பெரிய விஷயம், வெறும் பதவிப் பெயர் அப்படி இல்லை. பெயருக்கு மட்டும் இருந்த மன்றங்களைத் தாராளமாக வெட்டலாம்.

அனுப்புவதற்கு முன் பிரவுசரில் பிரைவேட் ஜன்னல் ஒன்றைத் திறந்து, லொகின் ஆகாமல், சீவியில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் அமத்துங்கள். ரிப்போசிட்டரி பிரைவேட்டாக இருந்தால் உங்களுக்கு அழகாகத் திறக்கும், கொம்பனிக்காரருக்கு 404 தான் வரும், அவர் அதைச் சொல்லி உங்களுக்கு ஈமெயில் போடவும் மாட்டார்.