விடையை மூடிவைத்துப் படிப்பது

நேயர்களுக்கு வணக்கம். தேர்வு நெருங்கும்போது பலர் கையில் எடுப்பது முந்தைய ஆண்டு வினாத்தாள். அதுவும் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதப்பட்ட வினாத்தாள் கிடைத்துவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தது போல ஒரு நிம்மதி. கேள்வியைப் படிப்பார்கள், கீழே விடையைப் படிப்பார்கள், ‘ஆமாம், இது தெரியும்’ என்று அடுத்ததற்குப் போவார்கள். ஒரு மணி நேரத்தில் தாள் முழுவதும் முடிந்துவிடும். அதே தாளை அடுத்த வாரம் விடை இல்லாமல் கொடுத்தால், பேனா மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிடும்.

ஏன் இப்படி? விடையைப் பார்த்ததும் ‘சரிதான்’ என்று ஒப்புக்கொள்வது ஒரு வேலை. வெற்றுத் தாளில் அதே விடையை வரவழைப்பது வேறு வேலை. தேர்வு கேட்பது இரண்டாவதை. 2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்களில் ஒரு குழு ஒரு பத்தியை மீண்டும் மீண்டும் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, நினைவில் இருப்பதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மீண்டும் மீண்டும் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு ஏறக்குறைய 60 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 40 சதவீதம்தான். படித்த அன்றைக்கு எல்லாம் தெரிந்தது போலத் தோன்றுகிறதே, அந்த உணர்வை நம்ப முடியாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

சரி, விடையுள்ள தாளை என்ன செய்வது? ஒரு தடித்த அட்டையை எடுத்து, கேள்விக்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய காகிதம் வேண்டாம், எழுத்து ஊடுருவித் தெரியும். சரியான விடைக்கு வட்டம் போட்ட ஒரு மதிப்பெண் கேள்விகள் இருந்தால், கண் முதலில் வட்டத்துக்குத்தான் போகும். அந்தக் கேள்விகளை மட்டும் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் முயலுங்கள். பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதும் போதாது. மனம் பாதி பதிலையே முழுப் பதிலாக எண்ணிக்கொள்ளும். எழுத வேண்டும். எழுதி முடித்ததும், அட்டையை நகர்த்துவதற்கு முன்னால், பதிலின் ஓரத்தில் ஒரு குறி போடுங்கள்: நிச்சயம் என்றால் நட்சத்திரம், சந்தேகம் என்றால் கேள்விக்குறி. இதன் பயன் பிறகு தெரியும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் போட்டதும், வினாடிக்கு வினாடி 2 மீட்டர் என்ற வீதத்தில் வேகம் குறைந்து நிற்கிறது. நிற்பதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? வேகத்தின் வர்க்கத்தை, வேகம் குறையும் வீதத்தின் இரு மடங்கால் வகுத்தால் தூரம் வரும். ஒரு மாணவி 72ஐ வர்க்கம் செய்து 5184, அதை 4ஆல் வகுத்து 1296 மீட்டர் என்று எழுதி, பக்கத்தில் நட்சத்திரமும் போடுகிறாள். அட்டையை நகர்த்தினால் விடை 100 மீட்டர்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். ‘அட, கவனக்குறைவு’ என்று சொல்லிச் சிவப்பு மையில் 100 என்று திருத்திவிட்டுப் போய்விடுவார்கள். கவனக்குறைவு என்ற சொல் எந்தத் தவறையும் விளக்காது. விடையை ஒவ்வொரு வரியாகத் திறந்து, நம் வழியும் அச்சிட்ட வழியும் எந்த வரியில் பிரிந்தன என்று தேட வேண்டும். இங்கே சூத்திரம் சரி, வகுத்தலும் சரி. மணிக்குக் கிலோமீட்டரை வினாடிக்கு மீட்டராக மாற்றாததுதான் தவறு. 72ஐ 3.6ஆல் வகுத்தால் 20. அதன் வர்க்கம் 400, அதை 4ஆல் வகுத்தால் 100. ஆகவே தவறுகளைக் குறித்துவைக்கும் ஏட்டில் அவள் எழுத வேண்டியது, ‘வேகம் மணிக்குக் கிலோமீட்டரில், வீதம் மீட்டரில், அலகுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவில்லை’ என்று. அடுத்த முறை எதைச் சோதிக்க வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம்: பிரேக் போட்ட கார் ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி நிற்குமா? விடை வந்ததும் இப்படி ஒருமுறை கேட்டுக்கொண்டாலே பிழை தானாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

நட்சத்திரத்துக்கு வருவோம். நட்சத்திரம் போட்டுத் தவறானவை முதலில் கவனிக்க வேண்டியவை, ஏனென்றால் தேர்விலும் அவற்றைத் திரும்பிப் பார்க்காமலேயே கடந்து போவோம். நல்ல செய்தி என்னவென்றால், உறுதியாக நம்பிச் செய்த தவறு திருத்தப்படும்போது ஏற்படும் வியப்பாலேயே அது நினைவில் நன்றாகப் பதிவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கேள்விக்குறி போட்டும் சரியாக வந்தவற்றை விட்டுவிடாதீர்கள். குருட்டு அதிர்ஷ்டத்துக்கும் அதே மதிப்பெண்தான், ஆனால் அடுத்த தாளில் அது உதவாது.

விளக்கி எழுதும் கேள்விகளில் சிக்கல் வேறு. நம் விடையை நாமே திருத்தும்போது கை தாராளமாகிவிடும். வியர்வை உலரும்போது உடல் குளிர்வது ஏன்? மூன்று மதிப்பெண். ‘வியர்வை ஆவியாகிறது, அதனால் குளிர்ச்சி ஏற்படுகிறது’ என்று எழுதிவிட்டு, அச்சிட்ட விடையைப் பார்த்து, ‘இதைத்தானே நானும் சொன்னேன்’ என்போம். இல்லை. அச்சிட்ட விடையில் மூன்று கருத்துகள் இருக்கின்றன: நீர் ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் தோலிலிருந்து எடுக்கப்படுகிறது, அதனால் தோலின் வெப்பநிலை குறைகிறது. நம் வரியில் வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதே இல்லை. ஆகவே விடையைக் கருத்துகளாகப் பிரித்து, காகிதத்தில் எழுத்தாக இருப்பதற்கு மட்டும் டிக் போடுங்கள். ‘மனதில் இருந்தது’ என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

சில நேரம் ஒன்றும் வராமல் உட்கார்ந்திருப்போம். ஐந்து நிமிடம் முயன்ற பிறகு அட்டையை ஒரே ஒரு வரி மட்டும் இறக்கிப் பாருங்கள். அந்த வரி வழி காட்டினால் மறுபடி மூடிவிட்டு மீதியை நீங்களே எழுதுங்கள். முழு விடையையும் திறந்துவிட்டால், எந்த இடத்தில் தடைபட்டோம் என்று தெரியாமலே போய்விடும்.

அச்சிட்ட விடையும் தவறாக இருக்கலாம், அச்சுப்பிழை சாதாரணம். உங்கள் விடை உறுதியாக வேறுபட்டால், உடனே உங்களுடையதை அடித்துவிடாதீர்கள். பாடநூலைப் பாருங்கள், அல்லது வேறு வழியில் போட்டுப் பாருங்கள். பாடத்திட்டம் மாறியிருந்தால் சில பழைய கேள்விகளே இப்போது தேவைப்படாது.

தவறிய கேள்விகளை மட்டும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு வெற்றுத் தாளில் மறுபடி முயலுங்கள். அன்றே செய்தால் சற்றுமுன் கண்ட விடைதான் கைக்கு வரும். மூன்றாவது முறை ‘100 மீட்டர்’ என்பதே மனப்பாடமாகியிருக்கும், கணக்கு போடாமலே எழுதிவிடுவோம். அப்போது எண்ணை மாற்றுங்கள்: மணிக்கு 54 கிலோமீட்டர், வேகம் குறையும் வீதம் 1.5, விடை 75 மீட்டர். கேள்வியைத் திருப்பியும் கேட்கலாம்: 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் 50 மீட்டரில் நிற்க, வேகம் எந்த வீதத்தில் குறைய வேண்டும்? அப்புறம் இன்னொன்று. கையிலிருக்கும் தாள்களில் ஒன்றிரண்டை இப்படிப் பயன்படுத்தாமல், விடைப் பக்கத்தையே பார்க்காமல், கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேர்வுக்கான முழு நேரத்தையும் வைத்துக்கொண்டு, ஒரே அமர்வில் எழுதுங்கள். அதன் மதிப்பெண்தான் உங்கள் உண்மை நிலைக்கு நெருக்கமானது. வணக்கம்.