கடைசி அரை நிமிடத்தில் என்ன கேட்பது?

நண்பர்களே, கல்லூரி அரங்கில் ரத்த தானம் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒன்பது நிமிடம் நன்றாகவே போகிறது. பிறகு, "இன்னும் நிறையச் சொல்லலாம், நேரம் இல்லை, எனவே அனைவரும் ரத்த தானம் செய்வோம் என்று கூறி விடைபெறுகிறேன்" என்று முடிக்கிறார். கைதட்டுகிறார்கள். பெயர் கொடுக்கத்தான் யாரும் வருவதில்லை.

'அனைவரும்' என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார். 'செய்வோம்' என்பதில் நாளும் இல்லை, இடமும் இல்லை.

அதே பேச்சை இப்படி முடிக்கலாம்: "வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு இங்கேயே முகாம். வெளியே போகும்போது வாசலில் இடப்பக்கம் ஒரு மேசை இருக்கிறது. உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்." அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். இங்கே அவர் ரத்தத்தைக் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்கிறார். போகிற வழியிலேயே முடிந்துவிடுகிற வேலை அது. எண் கையில் இருந்தால் வியாழன் மாலை கூப்பிட்டு நினைவூட்டலாம்.

யார் கொடுக்கலாம் என்பதை ஏழாவது நிமிடத்திலேயே சொல்லி முடித்துவிட வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம். முன்பே கொடுத்தவர் என்றால் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. இதைக் கடைசியில் சொன்னால், எழுந்து வர வேண்டிய நேரத்தில் ஒவ்வொருவரும் தன் எடையை யோசித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கொடுக்க முடியாதவர்கள் முகாமில் பதிவு வேலைக்கு உதவலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முடிவுரையில் ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருக்க வேண்டும். கண் தானத்தையும் சேர்த்துக் கேட்டால் இரண்டையும் தள்ளிப்போடுவார்கள்.

கேள்வி நேரத்தையும் முடிவுரைக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், பச்சை குத்தியவர் கொடுக்கலாமா என்ற கேள்விக்கான பதில்தான் உங்கள் கடைசிப் பேச்சாகிவிடும். நன்றியுரையும் அப்படித்தான், முதலிலேயே அதை முடித்துவிடும்படி அமைப்பாளரிடம் கேளுங்கள். மேசையில் நாலைந்து பேனாவாவது இருக்கட்டும். ஒரே பேனா என்றால் வரிசை நீளும், பின்னால் நிற்பவர் நழுவிவிடுவார்.

முடிவுரையின் அந்த மூன்று வாக்கியங்களை உரையின் மற்ற பகுதிக்கு முன்பே எழுதி மனப்பாடம் செய்துவிடுங்கள். நேரம் குறைந்தால் நடுவில் இருப்பதை வெட்டுங்கள், முடிவைத் தொடாதீர்கள். சொல்லும்போது தாளைப் பார்க்காதீர்கள். குரலையும் இறக்காதீர்கள், கடைசிச் சொல் பின்வரிசைக்குக் கேட்க வேண்டும்.

கூட்டம் கலையும்போது வாசலில் நின்று கவனியுங்கள். "எங்கே சார் பேர் கொடுக்கணும்?" என்று யாராவது கேட்டால், இடத்தை நீங்கள் தெளிவாகச் சொல்லவில்லை. "எப்போ முகாம்?" என்று கேட்டால், கிழமையை வேகமாகச் சொல்லிவிட்டீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்தினால் போதும்.