கூட்டுக் குடும்பத்துக்கு இந்த ஃபிரிட்ஜ் போதுமா? கதவையும் உள்ளே ஒட்டிய தகட்டையும் பார்த்துச் சொல்வது எப்படி

[காட்சி: பெரம்பூரில் ஒரு பழைய வீட்டின் சமையலறை. ஒரு ஃபிரிட்ஜின் கதவைத் திறந்ததும் மேல் தட்டிலிருந்து ஒரு பால் பாக்கெட் நழுவி விழுகிறது.]

வணக்கம். இந்த வீட்டில் ஒன்பது பேர். தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பிள்ளைகள். இருக்கும் டபுள் டோர் ஃபிரிட்ஜில் இடம் போதவில்லை. அண்ணாநகரில் இருக்கும் பாட்டியின் தம்பி வீடு மாறுகிறார். தன்னுடைய பெரிய சைட் பை சைடு ஃபிரிட்ஜை இவர்களுக்குத் தருகிறேன் என்கிறார். அதை வாங்கிக்கொள்ளலாமா என்று பார்க்கத்தான் என்னை அழைத்தார்கள்.

முதலில் கதவு. ஒரே கதவு, உள்ளே மேலே சின்ன மூடி போட்ட ஐஸ் பெட்டி, குளிர் கூட்டிக் குறைக்கும் திருகின் நடுவில் ஒரு பொத்தான் என்று இருந்தால் அது டைரக்ட் கூல், அதாவது உள்ளே விசிறி இல்லாத வகை. அந்தப் பொத்தான் ஐஸ் கரைப்பதற்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கதவு இருந்து, ஃப்ரீசரின் பின் சுவரில் காற்று வரும் துளைகள் தெரிந்தால் பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதாவது விசிறியால் குளிரைப் பரப்பி, பனியைத் தானே கரைத்துக்கொள்ளும் வகை. அலமாரி போல இடமும் வலமும் திறந்தால் சைட் பை சைடு. அதில் ஒரு பக்கம் முழுக்க ஃப்ரீசர். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

கதவு வகையைச் சொல்லும். அளவைச் சொல்லாது.

[காட்சி: காய்கறிப் பெட்டியை வெளியே எடுக்கும் கை. பக்கச் சுவரில் வெள்ளி நிற ஸ்டிக்கர்.]

அளவுக்கு உள்ளே ஒட்டிய தகட்டைப் பார்க்க வேண்டும். தகடு என்று சொன்னாலும் இப்போதெல்லாம் ஸ்டிக்கர்தான். பெரும்பாலும் காய்கறிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும். அங்கே இல்லையென்றால் பின்பக்கம், கம்ப்ரஸர் அருகே பாருங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும், குனிந்து படிக்க வேண்டாம்.

மாடல் எண்ணின் தொடக்க எழுத்துகள் பல நிறுவனங்களில் கதவு வகையைக் குறிக்கும். சாம்சங்கில் RR என்றால் ஒற்றைக் கதவு, RT என்றால் மேலே ஃப்ரீசர், RS என்றால் சைட் பை சைடு. அடுத்து வரும் எண்ணை லிட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். RT28 என்று தொடங்கும் பெட்டி 280 லிட்டர் இல்லை, 253 லிட்டர் என்று விற்றது.

லிட்டர் தனி வரியில் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2023 தொடக்கம் வரை இங்கே ஃபிரிட்ஜ்களை கிராஸ் வால்யூம் கணக்கில் விற்றார்கள். தட்டு, டிரே எல்லாம் அடைத்துக்கொள்ளும் இடமும் அதில் சேர்த்தி. அதன் பிறகு பொருள் வைக்கக் கிடைக்கும் இடத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்று விதி மாறியது. அதனால் முன்பு 253 என்று விற்ற அளவு இப்போது 236 என்று வருகிறது. பெட்டி சுருங்கவில்லை, அளக்கும் விதம்தான் மாறியது. வீட்டில் இருக்கும் பழைய 260-ஐயும் கடையில் இருக்கும் 242-ஐயும் பக்கத்தில் வைத்து, புதியது சின்னது என்று திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே தகட்டில் ஆங்கில எழுத்து T இருக்கிறதா என்று பாருங்கள். 43 டிகிரி வரையிலான சுற்றுப்புற வெப்பத்துக்கு ஏற்றது என்று பொருள். ST என்றால் 38 வரைதான். மே மாதம் நம் ஊர்ச் சமையலறையில் அடுப்பு எரியும்போது 38 எல்லாம் ஒரு எல்லையா? அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பெட்டி என்றால் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

[காட்சி: அண்ணாநகர் வீடு. சைட் பை சைடு ஃபிரிட்ஜ் முழுதாகத் திறந்திருக்கிறது.]

சரி, அண்ணாநகர்ப் பெட்டிக்கு வருவோம். எழுத்து T. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். குளிரூட்டும் வாயு ஆர்-600ஏ, அதாவது ரொம்பப் பழைய பெட்டி இல்லை. மொத்தம் 580 லிட்டர், கிராஸ் கணக்கு. பெரம்பூரில் இருப்பது 260. இரண்டு மடங்குக்கு மேல் என்று மகன்கள் இருவருக்கும் சந்தோஷம்.

அடுத்த வரியைப் படியுங்கள் என்றேன். ஃப்ரீசர் 200, ஃபிரிட்ஜ் 380.

இவர்கள் வீட்டில் மீனும் இல்லை, கறியும் இல்லை. ஃப்ரீசரில் ஐஸ்க்ரீம், பச்சைப் பட்டாணி, தேங்காய்த் துருவல், அவ்வளவுதான். அந்த 200 லிட்டர் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும், மின்சாரம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஞாயிறுதோறும் மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போய்வரும் குடும்பமாக இருந்தால் என் பதில் வேறு.

பாட்டியின் கேள்வி லிட்டரைப் பற்றியே இல்லை. "தம்பி, என் மாவுத் தூக்கு உள்ள போகுமா?"

[காட்சி: அட்டையில் வெட்டிய வட்டம் ஒன்றை தட்டின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள்.]

நல்ல கேள்வி. இரண்டு நாளைக்கு இட்லி மாவு வைக்கும் தூக்கு 24 சென்டிமீட்டர் அகலம், ஏறத்தாழ அதே உயரம். அந்த அகலத்துக்கு அட்டையில் ஒரு வட்டம் வெட்டிக் கொண்டுபோயிருந்தோம். ஃப்ரீசர் பக்கத்தின் உள் அகலம் 29 சென்டிமீட்டர். ஒரு தூக்கு வைத்தால் பக்கத்தில் டம்ளர் வைக்கவும் இடமில்லை. ஃபிரிட்ஜ் பக்கம் 43. தூக்கோடு ஒரு சாம்பார் பாத்திரம் நெருக்கிப் போகும். ஆனால் உயரத்துக்காக ஒரு தட்டைக் கழற்ற வேண்டும்.

கூட்டுக் குடும்பத்தில் இடத்தைத் தின்பது டப்பாக்கள் அல்ல, இந்த அகலப் பாத்திரங்கள்தான். ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று கடையில் சொல்லும் கணக்கு அதனால்தான் தப்பிப்போகிறது. பாத்திரத்தைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜின் பின்பக்கக் காற்றுத் துளையோடு ஒட்டி வைத்தால் இன்னொரு தொல்லை. குளிர் அங்கேயே நின்றுவிடும். தூக்கின் பின்புறம் மாவு உறையும், கதவில் இருக்கும் பால் திரியும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் பாத்திரத்தை நான்கு விரல் முன்னால் நகர்த்திப் பாருங்கள்.

பிறகு ஒரு கணக்கு போட்டோம். இருக்கும் 260-இல் ஃப்ரீசர் 60, ஃபிரிட்ஜ் 200. அதை வைத்துக்கொண்டு, கூடவே ஒரு சிங்கிள் டோர் வாங்கினால்? கடையில் 183 என்று எழுதியிருக்கும், பழைய கணக்கில் 190-ஐ ஒட்டி வரும். அதில் ஐஸ் பெட்டி போக 175 வைத்துக்கொள்ளுங்கள். 200-உம் 175-உம் சேர்த்தால் 375. அண்ணாநகர்ப் பெட்டியின் ஃபிரிட்ஜ் பகுதி 380. பாட்டிக்குக் கிடைக்கும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மாவு, பால், கீரை, பூ எல்லாம் சிங்கிள் டோருக்கு. அதில் விசிறிக் காற்று வீசாததால் மல்லிகைப் பூ சீக்கிரம் வாடாது. ஒன்று பழுதானாலும் இன்னொன்று ஓடும். குறையும் உண்டு. நம் ஊர் ஈரக் காற்றில் ஐஸ் பெட்டியில் சீக்கிரம் பனி கட்டும். அரை விரல் கனம் வந்ததும் கரைப்பான் பொத்தானை அழுத்த வேண்டும். கத்தியால் குத்தி எடுக்கப் போய் குழாயில் ஓட்டை போட்டு, வாயு வெளியேறி, பெட்டியையே எடைக்குப் போட்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

சைட் பை சைடின் வெளி அகலம் 91 சென்டிமீட்டர். பெரம்பூர்ச் சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு விட்ட மாடம் 75. ஹாலில் வைக்கலாம் என்றார் பெரிய மகன். "ஒவ்வொரு தடவையும் பால் எடுக்க ஹாலுக்கு யார் நடக்கிறது?" என்றார் சின்ன மருமகள். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

[காட்சி: சமையலறை ஜன்னல் ஓரத்தில் புதிய சிங்கிள் டோர். கீழ்த்தட்டில் மாவுத் தூக்கு.]