என் தங்கச்சிக்குத் தெரிந்த எழுத்து

“வீட்டுக்குள்ள அடிச்சுக்கிட்டு வெளியில சேர்ந்துக்கிறது பாசமில்ல நடுவர் அவர்களே, குடும்ப மானம் போயிடுமேங்கிற பயம்!” – எதிரணிப் பேராசிரியை.

நடுவருக்கும் சபைக்கும் வணக்கம். வீட்டுக்குள்ள அடிச்சுக்கிற கூடப்பொறந்தவங்க வெளியில சேர்ந்துக்கிறது பாசம்தான்னு பேச வந்திருக்கேன். மணி அடிக்கிறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன்.

பேராசிரியை அம்மா மகாபாரதத்துலயே கை வெச்சாங்க. துரியோதனனைக் கந்தர்வன் கட்டி இழுத்துட்டுப் போறான், பீமனுக்கு ஒரே குஷி. தருமர்தான் ‘நமக்குள்ள சண்டைன்னா நாம அஞ்சு, அவங்க நூறு, வெளியாள் வந்தா நூத்தஞ்சு’ன்னார். அது குலமானம்தான், ஒத்துக்கறேன். ஆனா என் தங்கச்சி தருமர் இல்லீங்க. அவளுக்கு அப்ப 8 வயசு.

எனக்கு 10. வாய் திக்கும். ‘க’ வந்தா போச்சு. ‘க… க… கடுகு’ன்னு நான் முடிக்கிறதுக்குள்ள கடைக்காரர் அடுத்த ஆளுக்குச் சில்லறையே கொடுத்திருப்பார். வீட்ல கடைசி முறுகல் தோசைக்குச் சண்டைன்னா அவ வேற ஆயுதமே எடுக்க மாட்டா. நான் கண்ணை இறுக்கி மூடுற மாதிரியே மூடிக்கிட்டு ‘க… க…’ம்பா. அப்படியே என் குரல்! நான் ஜடையைப் பிடிப்பேன். தோசை அப்பா தட்டுக்குப் போயிடும்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்புல பெரிய பையன் ஒருத்தன் அதே ‘க… க…’. நான் தரையைப் பார்த்தேன். ‘ணங்’னு சத்தம். டிபன் பாக்ஸ்! அவன் சட்டையெல்லாம் புளிசாதம். இருங்க, பின்வரிசைக்குக் கேக்கல: பு-ளி-சா-தம்! காதுல கூட ஒரு வேர்க்கடலை.

‘மூடி ஏன்டி நசுங்கிச்சு?’ன்னாங்க அம்மா. ‘நான்தான் போட்டேன்’னு முந்திக்கிட்டேன். முதுகுல ரெண்டு விழுந்துச்சு. ராத்திரி அவ கேக்குறா: ‘உன்னை யாருடா பொய் சொல்லச் சொன்னா, க… க…?’

இதுல மானம் எங்கம்மா வந்துச்சு? மானம் பார்க்கிறவ நடுரோட்டுல புளிசாதத்தைக் கொட்டுவாளா? கேலி பண்ணிப் பண்ணியே எனக்கு எங்க வலிக்கும்னு அவளுக்கு மனப்பாடம். அங்க வெளியாள் கை பட்டா அவளுக்குத்தான் முதல்ல தெரியும். சிநேகிதன்கிட்ட காய் விட்டா அவன் வேற ஆளைத் தேடிக்குவான். இவ எங்க போவா? அதே பாய்லதானே படுக்கணும்? அந்தத் தைரியத்துலதான் வீட்ல அவ்வளவு சண்டை.

 

‘பாகப்பிரிவினையில பாசம் எங்க போச்சு?’ன்னார் எதிரணி வக்கீல் சார். என்கிட்ட பதில் இல்ல சார். அப்பா மனைக்காக நானும் அவளும் பத்து மாசமா பேசறதில்ல.

போன மாசம் ஒரு மேடை. ‘குடும்பம்’னு சொல்லணும், ‘கு’வுல நின்னுட்டேன். சபை நெளியுது. கூட ஒருத்தர் சேர்ந்து சொன்னா வார்த்தை வந்துடும், திக்கினவனுக்குத் தெரியும். மூணாவது வரிசையில ஒரு வாய் சத்தமில்லாம அசைஞ்சுது. கு… டும்… பம்.

வந்துடுச்சு.

முடிச்சு இறங்கி ஓடினேன். அவ பஸ் ஏறிட்டா. இன்னும் பேசல.