நர்சிங் காலேஜுக்கு விண்ணப்பக் கடிதம்: "ஏன் இந்தப் படிப்பு?"ங்கற பாராவை எப்படி எழுதறது

வணக்கம் மக்களே. பிளஸ் டூ முடிச்சு பி.எஸ்சி. நர்சிங்குக்கு அப்ளை பண்ற நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைங்களுக்கான வீடியோ இது. ஒரு விஷயத்தை முதல்லயே தெளிவுபடுத்திடறேன். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு கவுன்சலிங் நடக்கறது பிளஸ் டூ மார்க்கை வெச்சு. அங்க கடிதம் எடுபடாது. அறக்கட்டளை நடத்தற காலேஜ், மிஷன் ஆஸ்பத்திரி காலேஜ் மாதிரி சில இடங்கள்ல, "ஏன் இந்தப் படிப்பு, எப்படித் தயாராகியிருக்கீங்க"ன்னு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வாங்க. நேர்காணலும் வைப்பாங்க. அந்த ஒரு பக்கத்தைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம்.

பெரும்பாலான கடிதம் எப்படி ஆரம்பிக்குது? "சிறு வயது முதலே சேவை செய்வதில் எனக்கு ஆர்வம் அதிகம்." படிக்கறவங்க யாரு? இருபது, முப்பது வருஷம் வார்டுல நின்ன நர்சிங் டீச்சருங்க. இதே வரியை அன்னைக்கே எத்தனையோ கடிதத்துல படிச்சிருப்பாங்க. பொய்னு நினைக்க மாட்டாங்க, ஆனா மனசுல எதுவும் நிக்காது. அதுல கேள்வி கேட்க ஒண்ணுமே இல்லையே.

அவங்க தேடறது வேற. நர்ஸ் என்ன வேலை செய்யறாங்கன்னு இந்தப் பிள்ளை கண்ணால பார்த்திருக்கா? டாக்டர் வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் வித்தியாசம் தெரியுமா? அதுக்கு ஒரே ஒரு சம்பவம் போதும், ஆனா கிட்டத்துல பார்த்ததா இருக்கணும்.

ஒரு மாதிரி சொல்றேன். தேன்கனிக்கோட்டை பக்கத்து கிராமத்து மாணவின்னு வெச்சுக்குங்க. வீட்டுல பாட்டிக்கு பி.பி. மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்கு நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில தொடங்கின திட்டம். அதுல வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கறாங்க. முதல் வரைவுல அந்தப் பொண்ணு எழுதறா: "என் பாட்டி ரத்த அழுத்தத்தால் அவதிப்படுவதைக் கண்டு மனம் வருந்தி நர்ஸ் ஆக முடிவு செய்தேன்." வருத்தம் உண்மைதான். ஆனா இதுல நர்ஸ் எங்க இருக்காங்க?

இப்போ அதே விஷயத்தைத் திருத்தி எழுதினது:

"மாதம் பத்து மாத்திரை அட்டை மூன்று, மொத்தம் 30 மாத்திரை கொடுப்பார்கள். அடுத்த முறை வந்த சுகாதாரப் பணியாளர் பழைய அட்டைகளை எடுத்து வரச் சொல்லி எண்ணிப் பார்த்தார். ஓர் அட்டை பிரிக்காமலே இருந்தது, இன்னொன்றில் 2 மாத்திரை மீதி. ஒரு மாதத்தில் பாட்டி 18 மாத்திரைதான் சாப்பிட்டிருந்தார். பணியாளர் திட்டவில்லை. 'எப்போது சாப்பிடுவீர்கள்?' என்று மட்டும் கேட்டார். தலை வலிக்கும் நாளில் மட்டும் என்றார் பாட்டி. பி.பி. ஏறினாலும் பெரும்பாலும் வலியே தெரியாது என்று விளக்கி, காலையில் பல் துலக்கியதும் சாப்பிடும்படி பழக்கினார். எழுதிக் கொடுத்த மருந்து ஏன் உடம்புக்குள் போகவில்லை என்று கண்டுபிடிப்பதும் ஒரு வேலை என்று அன்று புரிந்தது. நான் செய்ய விரும்புவது அந்த வேலை."

பார்த்தீங்களா, இதுல சேவைங்கற சொல்லே இல்ல. ஆனா எண்ணிப் பார்த்தது, திட்டாம கேட்டது, அவங்க பழக்கத்தோட மாத்திரையைச் சேர்த்துவிட்டது, இந்த மூணுமே நர்சிங். இதை அப்படியே காப்பி அடிக்காதீங்க. "அட்டையை யார் எண்ணினாங்க, எந்த மாத்திரை?"ன்னு நேர்காணல்ல ஒரு கேள்வி வந்தாலே தெரிஞ்சுபோயிடும். உங்க வீட்டுல, உங்க தெருவுல பார்த்ததை எழுதுங்க. பக்கத்து வீட்டுக்காரங்களைப் பத்தின்னா பேரும் ஊரும் போடாதீங்க. நோயாளியோட விவரத்தை வெளியில சொல்லக்கூடாதுங்கறது நர்சிங்ல அடிப்படை. கடிதத்துலயே அதை மீறினா படிக்கறவங்க உடனே கவனிப்பாங்க.

நீட் எழுதிட்டு இங்க வர்றவங்க அதை மறைக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். "டாக்டர் சீட் கிடைக்கல, அதனால நர்சிங்"னு படற மாதிரி மட்டும் எழுதிடாதீங்க. நீட் எழுதினேன்னு ஒரு வரி போட்டுட்டு, நர்சிங்ல எது உங்களை இழுத்ததுன்னு அடுத்த வரிக்குப் போயிடுங்க.

அடுத்தது தயாரிப்பு. நிறைய பேர் சறுக்கறது இங்கதான். "முதலுதவி தெரியும், பி.பி. பார்க்கத் தெரியும்"னு எழுதிடறாங்க. கடிதத்துல எழுதின ஒவ்வொரு வேலையும் ஒரு கேள்வி. பி.பி. பார்க்கத் தெரியும்னா, எப்படின்னு கேட்பாங்க. பதில் இப்படி இருக்கணும்: அஞ்சு நிமிஷம் உட்கார வெச்சு, முதுகைச் சாய்ச்சு, காலைக் குறுக்கே போடாம, கையை நெஞ்சு மட்டத்துல மேஜை மேல வெச்சுப் பார்க்கணும். அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் காபி, டீ கூடாது. நடுவுல பேசவிடக் கூடாது. கையைக் கீழ தொங்கப் போட்டா அளவு அதிகமாக் காட்டும். கைக்குப் பட்டை சின்னதா இருந்தாலும் அதிகமாக் காட்டும். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பார்த்து ரெண்டையும் எழுதணும். இவ்வளவும் சொல்லத் தெரிஞ்சா எழுதுங்க. கடிதத்துல ரெண்டு வரி போதும்: "வீட்டில் உள்ள டிஜிட்டல் கருவியில் பாட்டிக்கு வாரம் ஒருமுறை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதி, பணியாளர் வரும்போது காட்டுகிறேன்." அந்த நோட்டையும் நேர்காணலுக்கு எடுத்துட்டுப் போங்க.

ஜூனியர் ரெட் கிராஸ், என்.எஸ்.எஸ். முகாம்ல இருந்திருந்தா சான்றிதழைப் பத்தி மட்டும் சொல்லாம, அங்க உங்க கையால செஞ்ச ஒரு வேலையைச் சொல்லுங்க. ஒரு எச்சரிக்கை: "பக்கத்து கிளினிக்கில் ஊசி போடப் பழகினேன்"னு பெருமையா எழுதறவங்க இருக்காங்க. எழுதவே கூடாது. பயிற்சியும் பதிவும் இல்லாம ஊசி போடறது தப்பு. தன்னோட எல்லை எதுன்னு தெரியாத பிள்ளைன்னுதான் அதைப் படிக்கறவங்க நினைப்பாங்க.

தமிழ் மீடியம் பிள்ளைங்க இங்கிலீஷைப் பத்தி ஒரு வரி எழுதணும், ஏன்னா பாடம் பூரா இங்கிலீஷ்ல. "ஆங்கிலம் கற்க முயல்வேன்"னு எழுதாதீங்க. பிளஸ் டூ உயிரியல் புத்தகத்துல எந்தப் பாடத்தை ரெண்டு மொழியிலயும் படிச்சு முடிச்சிருக்கீங்கன்னு எழுதுங்க. அதே நேரம் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துல தெலுங்கு, கன்னடம் பேசி வளர்ந்த பிள்ளைங்க அதைச் சொல்லாமலே விட்டுடறாங்க. நோயாளி தெலுங்குல வலியைச் சொல்லும்போது வார்டுல புரிஞ்சுக்க ஒரு ஆள் இருக்கறது பெரிய விஷயம். கண்டிப்பா எழுதுங்க.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். ஏ4ல ஒரு பக்கம் போதும். மார்க்ஷீட்ல பேரும் இனிஷியலும் எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். ஒரே கடிதத்தை நாலு காலேஜுக்கு அனுப்பறப்ப முந்தின காலேஜ் பேரு உள்ள இருந்துடும், கடைசியா அதை ஒரு தடவை தேடிப் பாருங்க. தேதி, கையெழுத்து, வீட்டுல யாராவது எடுக்கற போன் நம்பர். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்குங்க. நேர்காணல் அன்னைக்குக் காலையில பஸ்ல உட்கார்ந்து அதைத்தான் படிக்கணும். அங்க மேஜை மேல உங்க கடிதம்தான் இருக்கும், கேள்வியும் பெரும்பாலும் அதுல இருந்துதான் வரும்.